கூடு சுருங்காது, எண்ணிக்கைதான் குறையும்

கணினியில் நான் கட்டிய முதல் கோயில் விமானம் பார்க்கப் பொம்மை போல இருந்தது. என்ன குறை என்று மூன்று நாள் பிடிபடவில்லை. கல்லின் நிறம் சரியாக இருந்தது, வெளிச்சம் சரியாக இருந்தது, ஒவ்வொரு செதுக்கலையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்தால் மட்டும், கொலுப்படியில் வைக்கிற மரக்கோயில் மாதிரித் தெரிந்தது.

நான் செய்திருந்தது இதுதான். கீழ்நிலையை முழுதாகச் செய்து முடித்தேன். அதை அப்படியே நகல் எடுத்து நூற்றுக்கு எண்பதாகச் சுருக்கி மேலே வைத்தேன். அதையும் நகல் எடுத்து மறுபடி எண்பதாகச் சுருக்கி அதற்கு மேலே வைத்தேன். மூன்று நிலை, அரை மணி நேர வேலை. மேலே போகப்போகக் கோபுரம் குறுகுகிறது, அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன்.

ஊரில் எனக்குத் தெரிந்த ஸ்தபதி ஒருவர் இருக்கிறார். திருப்பணிகளில் ஐம்பது வருடம் உளி பிடித்தவர். மடிக்கணினியை அவர் முன் திறந்து வைத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, மேல்நிலையில இருக்கிற கால் ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு?”

“மேல போகப்போகச் சின்னதாகணும் இல்லையா, ஐயா?”

“நிலைதானே சின்னதாகும்? கூடு எதுக்குப்பா சின்னதாகுது? கீழே அஞ்சு நின்ன இடத்துல மேலே மூணு நிக்கும். எண்ணிக்கைதான் குறையும்.”

அன்று மாலையே முதல் மாடலை அழித்துவிட்டேன். இந்தக் கட்டுரை இரண்டாவதாகக் கட்டிய விமானத்தைப் பற்றியது.

உருப்படிகளால் ஆன கட்டடம்

திராவிட விமானம் ஒன்றைக் கீழே நின்று பார்க்கிறவருக்கு அது சிற்பக் குவியலாகத் தெரியும். எண்ணிப் பார்க்கிறவருக்கு அது ஒரு வரிசை. ஒவ்வொரு நிலையின் விளிம்பிலும் சின்னச் சின்னக் கோயில்கள் மாலை கோத்தது போல நிற்கின்றன. அந்த வரிசைக்கு ஆரம் என்றே பெயர். ஆரம் என்றால் மாலை.

மாலையில் இருப்பவை மூன்றே வகை மணிகள். மூலைகளில் நிற்பது கர்ணகூடு. சதுரமான சிறு கோயில், மேலே குவிந்த கூரை, உச்சியில் ஒரே கலசம். நடுவில் நிற்பது சாலை. நீள்சதுரமானது. அதன் கூரை கூண்டு வண்டியின் கூண்டு போல வளைந்து நீளமாகக் கிடக்கும். மூன்றாவது பஞ்சரம். அதே வண்டிக் கூண்டை முன்பக்கமிருந்து பார்த்தால் தெரியும் லாட வடிவம்தான் அது. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் தணிவான சுவர்த் துண்டை இங்கே ‘இடை’ என்று சொல்லிக்கொள்கிறேன். ஆரத்துக்குக் கீழே, வெளியே நீட்டிக்கொண்டு வளைந்து இறங்கும் கல் இறவாரம் கொடுங்கை.

மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையில் குடைந்த தர்மராஜ ரதத்தில் இந்த அமைப்பைக் கையெட்டும் உயரத்திலிருந்தே படிக்கலாம். மூன்று நிலை, மேலே எட்டுப்பட்டைச் சிகரம். 1010இல் ராஜராஜன் எழுப்பி முடித்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் இதே இலக்கணம் 13 நிலைகளாக, ஏறக்குறைய 216 அடிக்கு உயர்கிறது. இந்தியக் கோயில் கட்டடக்கலையை ஆராய்ந்த ஆடம் ஹார்டி, கோயிலைச் சிறு கோயில்களால் ஆன கோயில் என்றே விளக்குகிறார். முப்பரிமாணக் கலைஞர்கள் ‘மாடுலர்’ என்று சொல்லிக்கொள்ளும் முறை அந்தக் கட்டடத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நாமாக வெட்டித் துண்டு போட வேண்டியதில்லை. ஸ்தபதி எங்கே பிரித்தாரோ அங்கேயே பிரித்தால் போதும்.

அரை மீட்டர்க் கட்டம்

தர்மராஜ ரதத்தின் அளவுகளை நான் எடுக்கவில்லை. மூன்று நிலைச் சதுர விமானம் என்ற அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். அளவுகள் என்னுடையவை. எல்லாமே அரை மீட்டரின் மடங்காக இருக்க வேண்டும் என்பதுதான் முதலில் போட்ட விதி.

கர்ணகூடு 1.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். சாலை 2.5 மீட்டர் அகலம். பஞ்சரம் 1 மீட்டர். இடை அரை மீட்டர். மொத்தம் நான்கு உருப்படிகள். இவற்றை முதல் நிலையின் ஒரு பக்கத்தில் இப்படி நிறுத்தினேன்: கூடு, இடை, பஞ்சரம், இடை, சாலை, இடை, பஞ்சரம், இடை, கூடு. கூட்டினால் 9.5 மீட்டர் வருகிறது.

ஆரம் 1.5 மீட்டர் ஆழத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 3 மீட்டர் போனால் உள்ளே மிஞ்சுவது 6.5 மீட்டர். இரண்டாம் நிலை அங்கிருந்துதான் எழ வேண்டும். 6.5 மீட்டரில் எதை நிறுத்துவது? பஞ்சரம் இரண்டையும் அவற்றோடு இரண்டு இடைகளையும் எடுத்துவிட்டால் கூடு, இடை, சாலை, இடை, கூடு என்று மிஞ்சும். அதன் நீளம் சரியாக 6.5 மீட்டர். மூன்றாம் நிலைக்கு மறுபடி 3 மீட்டர் குறைந்து 3.5 மீட்டர். அங்கே ஆரம் இல்லை. மூலைக்கொரு நந்தி, நடுவில் கழுத்து, அதன்மேல் சிகரம், கலசம்.

ஸ்தபதி சொன்னது கணக்கிலும் அப்படியே வந்தது. எந்த உருப்படியும் சுருங்கவில்லை. ஐந்து நின்ற இடத்தில் மூன்று நிற்கின்றன. கோபுரம் தானாகக் குறுகுகிறது.

உயரமான உண்மையான விமானங்களில் இது இவ்வளவு கறாராக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே எண்ணிக்கையும் குறையும், நிலைகளின் உயரமும் உருப்படிகளின் அளவும் மேலே போகப்போகக் கொஞ்சம் குறையும். மாடலிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை சுருக்கினால் கண் கண்டுகொள்ளாது. நான் முதலில் செய்தது போல மூன்றாம் நிலையில் 64 பங்காகச் சுருக்கினால், கீழே கரும்பு போல நிற்கும் அரைத்தூண் மேலே பென்சிலாகிவிடும். கல்லின் சொரசொரப்பும் கூடவே நுணுகிவிடும். பார்ப்பவர் மனம் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளாது, பொம்மை என்று எடுத்துக்கொள்ளும்.

ஓடுவதும் நிற்பதும்

நான் பயன்படுத்துவது பிளெண்டர் என்ற இலவச மென்பொருள். ஒரு பொருளைப் பலமுறை நிறுத்துவதற்கு அதில் இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு.

முதல் வழி `Array`. ஒரு துண்டைக் கொடுத்து, இத்தனை மீட்டர் இடைவெளியில் இத்தனை முறை என்று சொன்னால் அது வரிசையாக அடுக்கும். நெடுங்காலமாக இருந்துவரும் `Array` அடுக்கியதை எல்லாம் சேர்த்து ஒரே நீண்ட உருவமாக ஆக்கிவிடும். அடுத்தடுத்த துண்டுகளின் ஓரப்புள்ளிகளை ஒட்டவைக்கவும் செய்யும். கொடுங்கை, யாளி வரி போலத் தொடர்ந்து ஓடுகிறவற்றுக்கு இதுதான் பொருத்தம். துண்டுக்குத் துண்டு கோடு தெரியாமல் ஒரே கல்லாக ஓட வேண்டும் அல்லவா?

கொடுங்கைக்கு இரண்டே துண்டுகள் செய்தேன். நேராக ஓடும் அரை மீட்டர்த் துண்டு ஒன்று. மூலையில் இரு பக்கமும் அரை மீட்டர் எடுத்துக்கொண்டு திரும்பும் மூலைத்துண்டு ஒன்று. 9.5 மீட்டர்ப் பக்கத்தில் இரு மூலைக்கும் ஒரு மீட்டர் போக 8.5 மீட்டர். ஆக நேர்த்துண்டு 17. இரண்டாம் நிலையில் 11, மூன்றாம் நிலையில் 5. `Count` என்ற கட்டத்தில் 17, 11, 5 என்று மாற்றியதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

இரண்டாவது வழி இன்ஸ்டன்ஸ். இங்கே உருவத்துக்கு நகலே கிடையாது. உருவம் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கும். “அதே கூடு, இந்த இடத்தில், இந்தத் திசை பார்த்து” என்ற குறிப்பு மட்டும் எட்டு முறை எழுதப்படும். கச்சேரியில் பாடகரும் வயலின்காரரும் ஒரே தம்பூராவுக்குச் சேர்ந்துகொள்வது போல, எட்டுக் கூடும் ஒரே மூலத்தைப் பார்த்து நிற்கின்றன. மூலக்கூட்டின் கலசத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் எட்டுக் கலசமும் அதே நொடியில் உயரும். தனித்து நிற்கும் கூடு, சாலை, பஞ்சரம், நந்தி எல்லாவற்றுக்கும் இந்த வழி.

பிளெண்டரில் `Shift+D` அழுத்தினால் முழு நகல் பிறக்கும். `Alt+D` அழுத்தினால் உருவத்தைப் பகிர்ந்துகொள்ளும் இன்ஸ்டன்ஸ் பிறக்கும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எது எது என்று அறிய, உருவத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே 8 என்று இருந்தால் எட்டுப் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். எண் எதுவும் இல்லையென்றால் அது தனி ஆள்.

இதில் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்தேன். கூட்டின் விளிம்புகளை மழுக்க `Bevel` என்ற மாற்றியை வைத்துவிட்டு, அதை உறுதிப்படுத்தாமலேயே `Alt+D` கொடுத்துவிட்டேன். மாற்றிகள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறவை. மூலம் ஒன்றாக இருந்தாலும், மழுக்கிய உருவங்கள் எட்டுத் தனி உருவங்களாகவே நினைவகத்தில் போய் உட்கார்ந்தன. பகிர்ந்ததன் பலன் அங்கேயே கரைந்துவிட்டது. அதனால் மூலத்தை முழுதாக முடித்து, மாற்றிகளை எல்லாம் `Apply` செய்த பிறகே பெருக்க வேண்டும்.

கணக்கைப் பார்க்கலாம். கணினியில் எந்த உருவமும் முக்கோணங்களால் ஆனது. என் கூட்டில் 6,000 முக்கோணம், சாலையில் 9,000, பஞ்சரத்தில் 4,000, இடையில் 500. நான்கும் சேர்ந்து 19,500. இரண்டு ஆரங்களிலும் நிற்பவை 8 கூடு, 8 சாலை, 8 பஞ்சரம், 24 இடை. எல்லாவற்றையும் நகலெடுத்திருந்தால் 1,64,000 முக்கோணங்களைச் சேமித்திருப்பேன். இப்போது சேமித்திருப்பது 19,500.

ஆனால் இன்ஸ்டன்ஸ் மிச்சப்படுத்துவது சேமிப்பையும், கிராபிக்ஸ் அட்டைக்குத் திரும்பத் திரும்ப உத்தரவு அனுப்பும் வேலையையும்தான். திரையில் வரைய வேண்டிய முக்கோணம் அதே 1,64,000தான். கூட்டில் தேவையில்லாமல் 60,000 முக்கோணம் வைத்துவிட்டு இன்ஸ்டன்ஸ் காப்பாற்றும் என்று நம்பினால் காப்பாற்றாது.

மூலையில் மினுமினுப்பு

ஒரு பக்கத்தை அடுக்கி முடித்ததும், அதை விமானத்தின் நடு அச்சில் 90 பாகை வீதம் மூன்று முறை சுழற்றினேன். நான்கு பக்கமும் வந்துவிட்டது. கேமராவைச் சுற்றி நகர்த்தினால் நான்கு மூலைக் கூடுகளும் மட்டும் கறுப்பும் வெளுப்புமாக மினுங்கின. மற்றவை அமைதியாக இருந்தன.

காரணம் எளியது. ஒரு பக்கத்தின் வரிசையில் இரண்டு மூலைக் கூடுகளையும் சேர்த்திருந்தேன். அடுத்த பக்கமும் தன் இரண்டு மூலைகளோடு வந்தது. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கூடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நின்றன. எது முன்னால் என்று கணினியால் தீர்மானிக்க முடியாததால், நொடிக்கு நொடி மாறி மாறி இரண்டையும் காட்டியது. சதுரத்துக்குப் பக்கம் நான்கு, மூலையும் நான்கு. பக்கத்துக்கு ஒரு மூலைதான் பங்கு. வரிசையைக் கூடு, இடை, பஞ்சரம், இடை, சாலை, இடை, பஞ்சரம், இடை என்று 8 மீட்டரோடு நிறுத்தினேன். அடுத்த பக்கத்தின் முதல் கூடு இந்தப் பக்கத்தின் கடைசிக் கூடாகிவிட்டது. மினுமினுப்பு நின்றது.

சுழற்றுவதற்குப் பதிலாகக் கண்ணாடியில் பிரதிபலிப்பது போலப் புரட்டிப்போடும் வசதியும் உண்டு. கூட்டுக்கும் சாலைக்கும் அதனால் பெரிய தீங்கில்லை. உருவச் சிற்பம் உள்ள பக்கத்தைப் புரட்டினால் பெருமாளின் வலது மேற்கைச் சக்கரம் இடது கைக்குப் போகும், சங்கு வலப்பக்கம் வரும், அபயக்கை இடக்கையாகும். திரையில் பார்க்கிற அயலாருக்குத் தெரியாமல் போகலாம். நம் வீட்டுப் பாட்டி ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். கோயில் வேலையில் நான் சுழற்றுவேன், புரட்டுவதில்லை.

இன்னொரு குழி `Array`யைச் சுழற்றப் பயன்படுத்தும்போது வரும். உருவத்தை முன்பே பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வைத்திருந்து, அந்த அளவை உறுதிப்படுத்தாமல் விட்டிருந்தால், ஒவ்வொரு படியிலும் அந்த அளவு மாற்றம் பெருகிக்கொண்டே போகும். இரண்டாம் பக்கம் சிறுத்து, மூன்றாம் பக்கம் இன்னும் சிறுத்து, நத்தை ஓடு போலச் சுருண்டு நிற்கும். நத்தை ஓட்டைப் பார்த்தால் உடனே `Ctrl+A` அழுத்தி `Scale` கொடுக்க வேண்டும்.

ஒரே கல்லின் படம்

உருவத்தின் மேல் போர்த்தும் படத்தைத்தான் டெக்ஸ்சர் என்கிறோம். ஒரு டெக்ஸ்சர்த் தொகுதியில் என்னிடம் மூன்று படங்கள். கல்லின் நிறம் ஒன்று, நுண்ணிய மேடுபள்ளம் ஒன்று, எங்கே சொரசொரப்பு எங்கே வழவழப்பு என்பது ஒன்று. கூட்டுக்கு ஒரு தொகுதி, சாலைக்கு ஒரு தொகுதி, கொடுங்கைக்கு ஒரு தொகுதி என்று தனித்தனியாகச் செய்யலாம். நான் எல்லாவற்றுக்கும் ஒரே தொகுதி வைத்தேன்.

2048க்கு 2048 புள்ளிகள் கொண்ட சதுரப் படம். ஒரு மீட்டர் கல்லுக்கு 512 புள்ளி என்று நிர்ணயித்தேன். அப்படியானால் இந்தப் படம் 4 மீட்டர்க் கல்லைத் தாங்கும். புடவைக்குக் கரை, உடல், முந்தி என்று பிரிப்பது போல அதைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்தேன். வெற்றுக் கல்லுக்கு 768 புள்ளி உயரம். கொடுங்கை, யாளி வரி, படுக்கவைத்த அரைத்தூண், கூரையின் இதழ் வேலை ஆகிய நான்குக்கும் 256 வீதம். மிஞ்சிய 256இல் கலசம், லாட வளைவு போன்ற சில்லறை வேலைகள். பட்டைகள் இடமிருந்து வலம் முடிவில்லாமல் ஓடும்படி இரு ஓரமும் பொருந்தும். 17 துண்டுக் கொடுங்கை ஓடினாலும் தையல் தெரியாது.

உருப்படியின் ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய பட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். கூட்டின் குட்டிக் கொடுங்கையும் விமானத்தின் பெரிய கொடுங்கையும் ஒரே பட்டையைப் பகிர்ந்துகொள்ளும். இதனால் கிடைக்கும் முதல் நன்மை, எல்லாம் ஒரே மலையில் வெட்டிய கல்லாகத் தெரிவது. தனித்தனியாக நிறம் கொடுத்தால் எவ்வளவு முயன்றாலும் கூடு ஒரு சாயலும் சாலை ஒரு சாயலுமாகப் போய்விடும். இரண்டாவது நன்மை நினைவகம். சுருக்காமல் வைத்தால் இந்த ஒரு தொகுதி சுமார் 64 மெகாபைட். கூடு, சாலை, பஞ்சரம், இடை, இரண்டு கொடுங்கைத் துண்டு, சுவர் என்ற ஏழுக்கும் தனித்தொகுதி வைத்திருந்தால் 448 மெகாபைட்.

பட்டைகளுக்கு நடுவே 8 புள்ளியாவது அந்தந்தப் பட்டையின் நிறத்தையே வழியவிட்டு வைக்க வேண்டும். கேமரா தூரம் போகும்போது கணினி படத்தைச் சுருக்கிப் பயன்படுத்தும். அப்போது பக்கத்துப் பட்டையின் நிறம் கசியும். கிட்டப் பார்த்தால் சுத்தமாக இருந்து, தள்ளிப் பார்த்தால் மட்டும் கொடுங்கை விளிம்பில் மெல்லிய கோடு ஓடினால் இதுதான் காரணம்.

நான் படாத பாடு பட்டது வேறொன்றில். கல்லின் நிறத்துக்காக ஒரு கோயிலின் தெற்குச் சுவரை மாலை நான்கு மணிக்குப் படமெடுத்திருந்தேன். கல் பொன்னாக மின்னியது. ஒவ்வொரு புடைப்புக்கும் கிழக்கே சாய்ந்த அழகான நிழல். அந்தப் படத்தை விமானத்துக்குப் போர்த்திச் சுழற்றியதும், நான்கு பக்கத்துக்கும் நான்கு சூரியன் இருப்பது போல ஆகிவிட்டது. நிழல் படத்துக்குள்ளேயே இருந்ததால் அதுவும் கூடவே சுழன்றுவிட்டது. காட்சியில் உள்ள விளக்குகளை அணைத்து, எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் படும்படி வைத்துப் பார்த்தால் இது வெளிப்படும். அப்போதும் நிழல் தெரிந்தால் அது படத்தில் ஒட்டியிருக்கும் நிழல். மேகமூட்டமான நாளில் மறுபடி போய், நிழலே விழாத வெளிச்சத்தில் படமெடுத்து வந்தேன். நிழலை இப்போது உருவமும் காட்சியின் சூரியனும் பார்த்துக்கொள்கின்றன.

எட்டும் ஒன்றாக இருந்தால்

ஒரே மூலம், ஒரே படம் என்பதால் வரும் குறை, எட்டுக் கூட்டிலும் அதே இடத்தில் அதே பாசிக்கறை இருப்பது. ஒரு கூட்டைப் பார்க்கும்போது அழகாக இருக்கும் அந்தக் கறை, வரிசையில் பார்க்கும்போது அச்சுக் குத்தியது போலிருக்கும். அதனால் பொதுப்படத்தில் கண்ணில் படும் கறை எதையும் வைக்காமல் சுத்தமான கல்லை மட்டும் வைத்தேன். கறையை வேறு வழியில் சேர்த்தேன்.

பிளெண்டரில் `Object Info` என்ற கணுவில் `Random` என்று ஒரு வெளியீடு உண்டு. ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் அது ஒரு தனி எண் கொடுக்கும். அதை வைத்துக் கல்லின் வெளிச்சத்தை நூற்றுக்கு எட்டுப் பங்கு கூட்டியும் குறைத்தும் வைத்தேன். படம் ஒன்றுதான், ஆனால் ஒரு கூடு சற்று வெளுத்தது, ஒன்று சற்று மங்கியது. மழைநீர் இறங்கும் கறுப்பு, உருப்படியின் படத்தில் இல்லாமல் கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்து வருகிறது. கொடுங்கைக்குக் கீழே எந்த உருப்படி நின்றாலும் அங்கே கறை படியும்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. கூடு சதுரமானது, நான்கு திசையிலும் ஒரே வடிவம். மூலக்கூட்டின் ஒரு முகத்தில் மட்டும் சின்ன உடைப்பு ஒன்றைச் செதுக்கிவிட்டு, கூடுகளைத் தாறுமாறாக 90, 180 என்று திருப்பி வைத்தேன். சிலவற்றில் உடைப்பு வெளியே தெரியும், சிலவற்றில் உள்பக்கம் மறைந்துவிடும். ஒரே கூடு பல கூடாகிவிட்டது.

பெருக்கக் கூடாதவையும் உண்டு. சிவன் கோயில் விமானத்தில் பொதுவாகத் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே திருமால் அல்லது லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா இருப்பார்கள். ஒரு பக்கத்தைச் சுழற்றி நான்காக்கும் முறை இங்கே செல்லாது. மாடத்தை மட்டும் வெறுமையாகப் பெருக்கிவிட்டு, தெய்வ உருவங்களைத் தனித்தனியாகச் செய்து, தனி டெக்ஸ்சரோடு, அவரவர் திசையில் வைத்தேன். ராஜகோபுரம் கட்டுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது சதுரமல்ல, நீள்சதுரம். நான்கு முறை சுழற்ற முடியாது. முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் தனித்தனியாக அடுக்கி, இரண்டையும் 180 பாகை திருப்ப வேண்டும்.

நான்காம் நிலை

இரண்டாவது மாடலை எடுத்துக்கொண்டு ஸ்தபதி வீட்டுக்கு மறுபடி போனேன். திரையை விரலால் தொடாமல், பேனா முனையைக் காட்டி மூலைக் கூடுகளை எண்ணினார். தெற்குப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். தட்சிணாமூர்த்தியைப் பார்த்ததும் தலையாட்டினார்.

“சரியா இருக்கு. இதையே நாலு நிலையாக்கணும்னா எத்தனை நாள் ஆகும்?”

அங்கேயே உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். கீழே ஒரு நிலை கூட வேண்டும். 9.5 மீட்டரோடு 3 மீட்டர் சேர்த்து 12.5. இரண்டு மூலைக்கூடு 3 மீட்டர் போக 9.5 மீட்டர் மிஞ்சும். அதில் நான்கு இடை 2 மீட்டர். மீதி 7.5, அதாவது மூன்று சாலை. கூடு, சாலை, சாலை, சாலை, கூடு. நடுவில் சாலை வந்துவிட்டது, இரு பக்கமும் ஒத்துவிட்டது.

புதிதாக எதையும் செதுக்க வேண்டியிருக்கவில்லை. கொடுங்கையின் எண்ணிக்கையை 23 ஆக்கினேன். 4 கூட்டையும் 12 சாலையையும் 16 இடையையும் இடம் பார்த்து நிறுத்தினேன். வரையப்படும் முக்கோணம் 3,04,000 ஆனது. சேமித்த மூலம் அதே 19,500, டெக்ஸ்சர் அதே ஒரு தொகுதி. ஸ்தபதியின் வீட்டில் காபி வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கீழ்நிலை நின்றுவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பார்த்தார். நானும் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். மேல்நிலையின் அரைத்தூணும் கீழ்நிலையின் அரைத்தூணும் ஒரே பருமனில் நின்றன. இந்த முறை கொலுப்படி நினைவுக்கு வரவில்லை.